‘முடிந்தது’ என்று நகர்த்துவதற்கு முன்: நிறைவு வரையறையில் அணிகள் செய்யும் தவறுகள்

மென்பொருள் அணிகளின் பலகையில் கடைசியாக நிற்கும் ‘முடிந்தது’ என்ற பத்திக்கு ஒரு வேலைக்கான கார்டை எப்போது நகர்த்தலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பட்டியலை ‘டெஃபனிஷன் ஆஃப் டன்’ என்கிறார்கள். இங்கே அதை நிறைவு வரையறை என்று குறிப்பிடுகிறேன். இந்த வரையறையை எட்டாத வேலையை வெளியிடக் கூடாது, ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்றின் முடிவில் நடக்கும் ரிவ்யூவில் காட்டவும் கூடாது, அது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகுக்கே திரும்ப வேண்டும் என்று ஸ்க்ரம் முறையின் 2020ஆம் ஆண்டுக் கையேடு கறாராகச் சொல்கிறது. இருந்தும், வரையறையை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அணிகளிலேயே அரைகுறை வேலைகள் முடிந்தவையாகக் கணக்கில் ஏறிவிடுகின்றன. அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் வரிகளிலேயே இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஓர் அணியில் பள்ளிக் கட்டண ரசீதைத் தமிழில் பிடிஎஃப் கோப்பாகத் தரும் வசதி ஒரு கார்டாக வந்தது. மாணவர் பெயர், வகுப்பு, தொகை, தேதி ஆகியவை தமிழில் வர வேண்டும், ரசீது அரை ஏ4 தாளில் அடங்க வேண்டும் என்பவை அதன் ஏற்பு நிபந்தனைகள். எங்கள் நிறைவு வரையறையில் ஐந்து வரிகள் இருந்தன: கோடு எழுதப்பட்டது, வேறொருவர் ரிவ்யூ செய்தார், யூனிட் டெஸ்டுகள் தேறின, சோதித்துப் பார்க்கப்பட்டது, குறிப்பேடு புதுப்பிக்கப்பட்டது. ஐந்துக்கும் டிக் விழுந்தது. வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் எழுதியவர் தம் மடிக்கணினியிலிருந்தே ரசீதைத் திறந்து காட்டினார், எல்லோருக்கும் திருப்தி. அடுத்த வாரம் ரிலீஸ் ஆனபின் பெற்றோர்களின் கைபேசியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் மட்டும் இருந்தன.

கட்டங்களுக்கான காரணம் எளிமையானது. மடிக்கணினியின் விண்டோஸில் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. எங்கள் சர்வர் ஓடிய சிறிய லினக்ஸ் இமேஜில் அது கிடையாது. கீழுள்ள ஒரே கட்டளை அதைக் காட்டியிருக்கும். தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லையென்றால் அது எதையும் அச்சிடாது.

```
fc-list :lang=ta
```

எழுத்துருவை இமேஜில் சேர்த்து, அதைப் பிடிஎஃப் நூலகத்துக்கும் கொடுத்து, அன்று மாலையே மறுபடி ‘முடிந்தது’ பத்திக்கு நகர்த்தினோம். அதுவும் அவசரம்தான் என்பது மறுநாள் தெரிந்தது. ‘செல்வி’ என்ற பெயரில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய், லகரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துகளை வடிவமைக்கும் நிரலின் பொறுப்பு. மடிக்கணினியில் பிரவுசரின் அச்சு வசதி வழியாக ரசீதை எடுத்ததால் அந்தப் பொறுப்பைப் பிரவுசர் பார்த்துக்கொண்டது. சர்வரில் பயன்படுத்திய பிடிஎஃப் நூலகமோ எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கியது. யூனிட் டெஸ்டும் இதைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்து மூலத்தோடு ஒப்பிட்டது. சேமித்த வரிசையில் அடுக்கப்பட்ட கோப்பிலிருந்து உரை சரியாகவே திரும்பி வரும். கண்ணுக்குத் தப்பாகத் தெரிவது டெஸ்டுக்குச் சரியாகப் பட்டது.

எங்கே, யார் பார்த்தார் என்று சொல்லாத வரி

எங்கள் பட்டியலின் பெரிய தவறு ‘சோதித்துப் பார்க்கப்பட்டது’ என்ற வரி. அதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் உண்மையிலேயே சோதித்தார். ஆனால் எந்த இயந்திரத்தில், யார், எதைக் கொண்டு என்ற மூன்றையும் அந்த வரி கேட்கவில்லை. ‘கோடு தரமாக இருக்கிறது’, ‘செயல்திறன் திருப்திகரம்’ போன்ற வரிகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டு பேர் பார்த்து இரண்டு விடை சொல்லக்கூடிய வரி வரையறை ஆகாது, அது அபிப்பிராயம். ஒரு வரியைச் சோதிக்க நான் கையாளும் வழி இதுதான்: கார்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், எழுதியவரிடம் எதையும் கேட்காமலே ஆம், இல்லை என்று அவரால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும். ரிலீஸுக்கு முன் ஒத்திகை பார்க்கும் சர்வரான ஸ்டேஜிங்கை வைத்து நாங்கள் எழுதியது இப்படி அமைந்தது:

```
- [ ] ரிலீஸுக்குப் போகும் அதே இமேஜ் ஸ்டேஜிங்கில் ஓடுகிறது
- [ ] கோடு எழுதாத ஒருவர் ஏற்பு நிபந்தனை ஒவ்வொன்றையும்
      ஸ்டேஜிங்கில் நடத்திப் பார்த்தார்
- [ ] அப்போது கிடைத்த கோப்பு அல்லது ஸ்கிரீன்ஷாட்
      கார்டில் இணைக்கப்பட்டுள்ளது
```

மூன்றாவது வரி அலுவலகச் சம்பிரதாயம் போலத் தோன்றலாம். ஆனால் ‘செல்வி’யின் ரசீது கார்டில் இணைக்கப்பட்டிருந்தால், தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் இரண்டு வினாடியில் கண்டுபிடித்திருப்பார்.

இதோடு சேர்த்து இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ரசீது கெட்டதும், ‘தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறது’ என்ற வரியை நிறைவு வரையறையில் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது அந்தக் கார்டுக்கு மட்டும் உரிய ஏற்பு நிபந்தனை. நிறைவு வரையறை எல்லாக் கார்டுகளுக்கும் பொது. கடவுச்சொல்லை மாற்றும் திரைக்கும், தரவுத்தளத்தில் ஒரு பத்தியைச் சேர்க்கும் வேலைக்கும் அது பொருந்த வேண்டும். பொருந்தாத வரியின் எதிரே ‘தேவையில்லை’ என்று எழுதப் பழகியவர்கள், விரைவில் பொருந்தும் வரிக்கு எதிரேயும் அதையே எழுதுவார்கள்.

‘மிச்சத்துக்குத் தனி டிக்கெட்’

ஸ்பிரிண்டின் கடைசி நாள் பிற்பகலில் எல்லா அணிகளிலும் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “வேலை முடிஞ்சிருச்சு, எரர் மெசேஜ் மட்டும் பாக்கி, அதுக்குத் தனி டிக்கெட் போட்டுக்கலாம்.” வேலையின் அளவுக்கு ஐந்து பாயிண்ட் என்று மதிப்பிட்ட கார்டு முடிந்ததாகிவிடும், பாக்கி வேலை பாயிண்ட் இல்லாத புதிய டிக்கெட்டாகப் பேக்லாகின் அடியில் போய்ச் சேரும். அந்த ஸ்பிரிண்டின் வேகக் கணக்கில் ஐந்தும் ஏறிவிடுவதால், அடுத்த ஸ்பிரிண்டுக்கு அணி தன் சக்திக்கு மீறி வேலையை எடுக்கிறது, நெருக்கடி வருகிறது, மறுபடியும் தனி டிக்கெட் பிறக்கிறது. பட்டியல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் இந்த ஒரு பழக்கம் அதைச் செல்லாக்காசாக்கிவிடும்.

வேலையைப் பிரிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரசீதைத் தமிழில் தருவது ஒரு கார்டு, அதை மின்னஞ்சலில் அனுப்புவது இன்னொரு கார்டு என்று பிரிப்பது நியாயம். முதலாவதை மட்டும் வெளியிட்டாலும் பெற்றோருக்குப் பயன் உண்டு. பணம் கட்டி முடித்த பிறகு ரசீது உருவாகாமல் போனால் என்ன செய்தி காட்டுவது என்பதைத் தனியாகப் பிரிப்பது அப்படியல்ல, ஏனென்றால் அது இல்லாத முதல் கார்டை நேர்மையாக வெளியிட முடியாது. மிச்சத்தை விட்டுவிட்டு இதை இன்றே பயனரிடம் கொடுப்போமா என்று கேட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். கொடுக்க மாட்டோம் என்றால் கார்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், அந்த ஸ்பிரிண்டில் அதற்குப் பாயிண்ட் சுழியம். நான்கு பாயிண்ட், மூன்றரை பாயிண்ட் என்று பங்கு போட்டுக் கொடுப்பதும் கூடாது.

ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு வரி

ரசீது விவகாரத்துக்குப் பின் நாங்கள் எதிர்த்திசையில் போய் விழுந்தோம். எந்தப் பிழை வெளியே போனாலும் பட்டியலில் ஒரு வரி கூடியது. சில மாதங்களில் ஐந்து வரி இருபதைத் தாண்டியது. கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டைத் திறந்ததும் அதன் விவரணையில் இந்தப் பட்டியல் தானாக வந்து விழும்படி ஜிட்ஹப்பில் வார்ப்புரு வைத்திருந்தோம். பட்டியல் சடங்காகிவிட்டதை அந்த விவரணையின் திருத்த வரலாற்றில் பார்த்தேன்: அரை நிமிடத்துக்குள், மேலிருந்து கீழாக, இருபது டிக். ஸ்டேஜிங்கில் ஒரு ரசீதைத் திறக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். டிக் செய்யாத கட்டம் இருந்தாலும் ஜிட்ஹப் மெர்ஜைத் தடுக்காது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சோதனைகளில், கட்டாயமானவை என்று பிராஞ்ச் பாதுகாப்பு விதியில் சேர்த்தவை மட்டுமே தடுக்கும்.

ஆகவே இயந்திரம் பார்க்கக்கூடியவற்றை மனிதர்களின் பட்டியலிலிருந்து எடுத்து அந்தக் கட்டாயச் சோதனைகளுக்குள் வைத்தோம். டெஸ்டுகள் தேறுவது, எழுத்து நடை ஒழுங்கு, தரவுத்தள மாற்றத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு டிக் எதற்கு? ரசீதுக்கும் ஒரு சோதனை சேர்ந்தது: ரிலீஸ் இமேஜுக்குள்ளேயே பிடிஎஃப்பை உருவாக்கி, அதைப் படமாக்கி, சரியென்று ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட படத்தோடு ஒப்பிடுவது. இதற்கும் ஒரு குறை உண்டு. எழுத்துருவின் பதிப்பு மாறினால் எழுத்து ஒன்றும் கெடாமலே படம் கொஞ்சம் நகர்ந்து சோதனை தோற்கும், மறுபடி ஒருவர் பார்த்துப் புதுப் படத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். மனிதர்களின் பட்டியலில் ஆறு வரிகள் மிஞ்சின.

அணியின் கையில் இல்லாதவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டோம். வேறு துறையின் பாதுகாப்புத் தணிக்கை, ஆப் ஸ்டோர் ஒப்புதல் போன்றவை ஸ்பிரிண்டுக்குள் முடியும் என்று எவரும் உறுதி தர முடியாது; அவை பட்டியலில் இருந்தால் எந்தக் கார்டும் முடியாது, அல்லது அந்த வரியைத் தாண்டிக் குதிப்பதே வழக்கமாகிவிடும். அவற்றை ரிலீஸுக்கான தனிப் பட்டியலில் வைத்தோம்.

புதிய வரையறையின் கீழ் முதலில் மாட்டியது கட்டண நிலுவை அறிவிப்புக் கார்டு. எழுதியவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே முடித்திருந்தார், டெஸ்டுகளும் தேறியிருந்தன. ஆனால் ஸ்டேஜிங்கில் பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார், வேறு எவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ரிவ்யூவில் அந்தக் கார்டு காட்டப்படவில்லை. திங்கட்கிழமை இன்னொருவர் ஸ்டேஜிங்கில் ஓட்டிப் பார்த்தபோது, முழுத் தொகையும் கட்டி முடித்த மாணவர்களுக்கும் ‘நிலுவை 0 ரூபாய்’ என்று அறிவிப்பு போவது தெரிந்தது.