ஈரமானி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

ஓட்டுக்கூரைக்குக் கைமரம் வாங்குபவரும், கான்கிரீட் தளத்தில் மரத்தரை போடுபவரும் இன்று கையில் ஒரு ஈரமானி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, அதை ஈர சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் மரம். 75 மி.மீ. தடிமனுள்ள ஒரு கைமரத்தில் சின்ன ஊசி மீட்டரைக் குத்துகிறோம், 16 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊசி மரத்துக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடப் போயிருக்காது. மரம் வெளியிலிருந்துதான் காயும், அதனால் நமக்குக் கிடைத்தது தோலின் ஈரம் மட்டுமே. மரத்தின் சராசரி ஈரம் தெரிய, தடிமனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை ஊசி போக வேண்டும். இந்த மரத்துக்கு அது 20 முதல் 25 மி.மீ. அதற்குச் சுத்தியலால் அடித்து இறக்கும் ஊசிகள் தனியாக வருகின்றன. அவற்றின் உடல் முழுக்கக் காப்புப் பூச்சு, நுனி மட்டும் திறந்திருக்கும். அதனால் மேலே பனியோ மழைநீரோ பட்டிருந்தாலும் அது அளவில் கலக்காது. மரத்தின் முனை மற்ற இடத்தைவிடக் காய்ந்திருக்கும் என்பதால் அதிலிருந்து ஓரிரு அடி தள்ளிக் குத்துங்கள். ஊசிகள் இரண்டும் ரேகையோடு போகும்படி இருக்கட்டும்.

அதே கைமரத்தில் ஆழ ஊசி 24 காட்டினால் எதை நம்புவது? சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை அறுத்து எடை போடலாம். ஈரத்தோடு 62 கிராம் இருந்தது, 103 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாத வரை காயவைத்ததும் 50 கிராம் ஆனது என்றால், குறைந்த 12 கிராமை உலர்ந்த எடையான 50-ஆல் வகுக்க வேண்டும், 62-ஆல் அல்ல. விடை 24 சதவீதம்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 287, நாட்டைக் காற்றின் ஈரப்பதத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. உத்தரம், கைமரம் போன்றவற்றுக்கு மிக வறண்ட மண்டலத்தில் 12 சதவீதமும், கடற்கரை போன்ற மிக ஈரமான மண்டலத்தில் 20 சதவீதமும் வரம்பு. அதனால் 24 உள்ள மரத்தை எங்கேயும் ஏற்றக் கூடாது. ஓடு போட்ட பிறகு அது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், இணைப்புகள் தளரும்.

இன்னொன்று: வெயிலில் கிடந்த மரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மீட்டர்கள் வழக்கமாக 20 டிகிரிக்கு அளவு செய்யப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் ஒரு புள்ளி கழிக்கலாம். மர வகைக்கான திருத்தம் கருவியோடு வரும் அட்டவணையில் இருக்கும். உப்பு வகைப் பூச்சிமருந்து ஏற்றிய மரத்தில் எண் பொய்யாகவே உயரும், அங்கே எடை முறைதான் கை கொடுக்கும்.

சரி, இப்போது கான்கிரீட். இங்கே நான் மிகவும் வருத்தத்தோடு பார்க்கும் தவறு, மரத்துக்கான அதே மீட்டரைத் தளத்தில் வைத்து, '12 காட்டுது, மரத்துக்கு இது சரிதானே' என்று தரை போடுவது. அது மர அளவுகோலில் வந்த எண். கான்கிரீட்டுக்கு அது சதவீதமே இல்லை. எடைக் கணக்கில் கான்கிரீட்டில் 4 சதவீதம் என்பதே எபாக்ஸி பூச்சுகளுக்குப் பொதுவான மேல் வரம்பு. ஊசியில்லாமல் மேலே வைத்துப் பார்க்கும் கான்கிரீட் மீட்டரும் மேல் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் எட்டும், கம்பி அருகில் இருந்தால் தடுமாறும். எந்த இடம் அதிக ஈரம் என்று கண்டுபிடிக்க அது உதவும், முடிவெடுக்க உதவாது.

முடிவெடுக்கத் துளை போட்டுப் பார்க்க வேண்டும். மண் மீது போட்ட 150 மி.மீ. தளம் மேற்பக்கம் மட்டும் காயும். அதில் 40 சதவீத ஆழம், அதாவது 60 மி.மீ. வரை துளைத்து, தூசியை எடுத்து, சென்சாரை இறக்கி மூடி, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். இதுதான் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2170 என்ற அமெரிக்கத் தர முறை. இரு பக்கமும் காயும் மாடித் தளத்துக்கு 20 சதவீத ஆழம் போதும். ஏன் இந்த ஆழம்? மின்விசிறி போட்டு மேற்பரப்பைக் காயவைத்தாலும், மேலே தரை மூடியதும் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேலேறிச் சமமாகும். அப்போது தரைக்கு அடியில் வந்து நிற்கும் அளவைத்தான் இந்த ஆழம் முன்கூட்டியே காட்டுகிறது. சென்சார் காட்டுவது துளைக்குள் இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம், மரத்தரைக்கு அது பொதுவாக 75 சதவீதம் வரை இருந்தால் ஏற்கிறார்கள். பசை, பூச்சு தயாரிப்பாளர் தரும் எண் வேறாக இருந்தால் அதுவே இறுதி.

மொட்டை மாடியில் நீர்த்தடைப் பூச்சுக்கு முன் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். அடியில் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ பூச்சு வேண்டாம், அது கொப்பளிக்கும். ஆனால் தாள் காய்ந்திருந்தால் மட்டும் போதாது. பனியில்லாத வெப்பமான இரவில் உள்ளே ஈரம் இருந்தும் தாள் காய்ந்தே கிடக்கலாம், அப்போது துளை போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பூச்சைத் தொடங்குங்கள்.