கட்டிய டியூ எல்லாம் செலவா? தவணையில் வாங்கிய வண்டிக்குக் கணக்கு எழுதும் முறை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், திண்டுக்கல் பக்கமிருந்து மல்லிகை ஏற்றி வருவதற்காக ஏப்ரல் 1 அன்று ஒரு சிறிய சரக்கு வண்டி எடுத்தான். மார்ச் முடிந்ததும் நோட்டைக் கொண்டுவந்தான். அதில் 'வண்டிச் செலவு' என்று பன்னிரண்டு டியூவும் வரிசையாக இருந்தன. "கட்டியதைத்தானே அண்ணே எழுதியிருக்கிறேன்?" என்றான். கட்டியது உண்மை. ஆனால் அந்தத் தொகைக்குள் கடன் அடைத்த பணமும் வட்டியும் கலந்திருக்கின்றன. கடன் அடைத்தது செலவாகாது.

முதலில் வண்டியின் ரொக்க விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் முழுப் பணம் வைத்திருந்தால் அன்றைக்கு எவ்வளவு கொடுத்திருப்போமோ, அதுதான் அது. ஷோரூம் கொடுத்த மொத்தத் தொகையில் பதிவுக் கட்டணம் வண்டியின் விலையோடு சேரும். இன்ஷூரன்ஸ் சேராது, அது அந்த ஆண்டின் செலவு. அதைக் கழித்தபின் இவன் வண்டிக்கு 6,00,000 ரூபாய் வந்தது. முன்பணம் 1,50,000. மீதி 4,50,000 ஃபைனான்ஸ். வண்டி கைக்கு வந்த நாளிலேயே முழு விலையையும் எழுதிவிட வேண்டும்:

```
வாகனக் கணக்கு          பற்று  6,00,000
  வங்கிக் கணக்கு        வரவு   1,50,000
  ஃபைனான்ஸ் கணக்கு      வரவு   4,50,000
```

கடைசித் தவணை கட்டும்வரை வண்டி நம் பெயருக்கு முழுதாக வராதே, எப்படிச் சொத்தாக எழுதுவது என்று கேட்பார்கள். ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் தேய்வதைத் தாங்குவதும் நாம்தான். அதனால் வண்டியைச் சொத்தாகவும் பாக்கியைக் கடனாகவும் நம் ஏட்டிலேயே காட்டுகிறோம்.

அடுத்தது வட்டி. இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஃபைனான்ஸ்காரர் சொன்னது '10 சதவீதம், மூன்று வருடம்'. 4,50,000-க்கு மூன்று வருட வட்டி 1,35,000, மொத்தம் 5,85,000, 36 மாதத்துக்கு மாதம் 16,250. ஆனால் இந்த வட்டி முழுக் கடனுக்கும் மூன்று வருடமும் போடப்பட்டது. நாமோ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். குறைந்துவரும் பாக்கிக்கு உண்மையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதை எக்செல் சொல்லும்:

```
=RATE(36,-16250,450000)
```

விடை மாதத்துக்கு சுமார் 1.4932 சதவீதம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 18. இதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை.

முதல் மாத வட்டி 4,50,000-க்கு இந்த விகிதத்தில் சுமார் 6,719. எனவே 16,250-இல் அசலுக்குப் போனது 9,531. அடுத்த மாதம் பாக்கி 4,40,469, வட்டி 6,577. இப்படியே இறங்கும். ஒவ்வொரு மாதமும் பதிவு இதுதான்:

```
வட்டிக் கணக்கு          பற்று   6,719
ஃபைனான்ஸ் கணக்கு        பற்று   9,531
  வங்கிக் கணக்கு        வரவு   16,250
```

ஆண்டு முடிவில் கட்டியது 1,95,000. அதில் வட்டி சுமார் 70,750. மீதி 1,24,250 கடனைக் குறைத்தது, பாக்கி 3,25,750. இரண்டாம் ஆண்டு வட்டி சுமார் 46,570, மூன்றாம் ஆண்டு 17,680. மூன்றையும் கூட்டினால் 1,35,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு. பாக்கியை ஃபைனான்ஸ் நிறுவனம் தரும் தவணை அட்டவணையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாமதத்துக்காகப் போட்ட அபராதத்தைத் தனிச் செலவாக எழுதுங்கள். கடன் கணக்கில் கலந்தால் பாக்கி ஒத்துவராது.

தேய்மானம் வேறு வழி. அது ரொக்க விலையில்தான் ஓடும். டியூவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு வருமான வரி விதியில் 15 சதவீதம். எனவே முதல் ஆண்டு 90,000. (வாடகைக்கு ஓட்டுவதே தொழில் என்றால் 30. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதி விகிதம்தான்.) அடுத்த ஆண்டு மீதமுள்ள 5,10,000-க்கு 15 சதவீதம், அதாவது 76,500.

ஆக முதல் ஆண்டின் உண்மைச் செலவு வட்டி 70,750, தேய்மானம் 90,000: மொத்தம் 1,60,750. அவன் எழுதி வைத்திருந்தது 1,95,000. இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன். முன்பணத்தையும் எல்லா டியூவையும் கூட்டி 7,35,000 என்று வண்டியின் விலையாக்கி, அதில் தேய்மானம் எடுப்பது. அப்படிச் செய்தால் முதல் ஆண்டுச் செலவு 1,10,250 மட்டுமே தெரியும். லாபம் 50,500 கூடுதலாகக் காட்டி, அதற்கு வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

36-ஆவது டியூவோடு ஃபைனான்ஸ் கணக்கு பூஜ்யமாகிவிடும். அப்போது ஆர்.சி. புத்தகத்திலுள்ள ஃபைனான்ஸ் குறிப்பை நீக்க, ஃபைனான்ஸ்காரரின் கையெழுத்தோடு படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாகனக் கணக்கில் அன்றைக்கு 3,68,475 நிற்கும். வட்டி நின்றுபோன பிறகும் நான்காம் ஆண்டுத் தேய்மானம் அந்தத் தொகையில் தொடரும்.