பதினாறு பிக்சல் அகலத்தில் அம்மா: ஒரு சிறுகதையைப் படிப்படியாக எழுதும் முறை

வெளிநாட்டில் தனியாக வாழும் ஓர் இளம்பெண் தன் தாயின் பழைய புகைப்படத்தைப் பார்த்து, அவரை ஒரு கணினி விளையாட்டின் நாயகியாக வரைகிறாள். முதன்முறையாகச் சிறுகதை எழுதுபவர் இந்தக் கருவை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் அவளுடைய ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்திலேயே முடித்துவிடுவார். வரைதல் என்ற செயல் கதையில் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். வரைபவள் சந்திக்கும் தொழில்நுட்பச் சிக்கலையே கதையின் முடிச்சாக மாற்றுவது எப்படி என்பதை, நான் எழுதிப் பார்த்த ஒரு கதையைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: கட்டத்தின் அளவை முடிவு செய்யுங்கள்

அவள் வரைவது, சிறு சதுரக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிறத்தால் நிரப்பி உருவாக்கும் பிக்சல் ஓவியம் என்றும், அதன் அளவு 16 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 384 கட்டங்கள். அவற்றுக்குள் ஒரு மனிதர் முழுதாக அடங்க வேண்டும். இந்த அளவில் முகத்துக்கு ஏறத்தாழ எட்டுக் கட்ட அகலம்தான் கிடைக்கும் என்பதால், கண் என்பது ஒன்றிரண்டு கட்டங்களாகவும், வாய் ஒரு கட்டமாகவும் அல்லது வாயே இல்லாமலும் போகும். 1981ஆம் ஆண்டு வெளிவந்த டாங்கி காங் விளையாட்டின் நாயகன் மாரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வந்தது இதே நெருக்கடியால்தான்: தலைமுடியை வரைவது கடினமாக இருந்ததால் தொப்பி வைத்தார்கள், மூக்கும் வாயும் தெளிவாகத் தெரியாததால் மீசை வைத்தார்கள்.

ஆகவே தாயின் புன்னகையை அவளால் வரைய முடியாது. கதையில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். புன்னகையை இழந்த வருத்தத்தை ஒரு பத்தி முழுக்க எழுதினால், வாசகருக்குத் தெரியாத எதையும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இரண்டாம் படி: புகைப்படம் அவள் கைக்கு வந்த வழியை எழுதுங்கள்

அவள் வெளிநாட்டில் இருப்பது கதைக்கு உண்மையிலேயே தேவையா என்பதை இந்தப் படியில்தான் சோதிக்க முடியும். மூலப்படம் தாயிடம் இருக்கிறது. மகளிடம் இருப்பது அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்த படம் மட்டுமே. அவளால் அட்டையைத் திருப்பிப் பார்க்க முடியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும் முடியாது. தாய் முதலில் அனுப்பிய படத்தில் கைப்பேசியின் ஒளி பட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது. ஒளியை அணைத்துவிட்டு, படத்தைச் சன்னலருகே வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே பிடித்து மீண்டும் எடுக்குமாறு மகள் சொல்கிறாள். இரண்டாவது படம் தெளிவாக வருகிறது. சுருண்டுகொள்ளும் அட்டையை அழுத்திப் பிடித்த தாயின் கட்டைவிரலும் ஓரத்தில் பதிந்து வருகிறது.

அந்த விரலை விட்டுவிடாதீர்கள். படத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மிதிவண்டியின் அருகே நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே இன்றைய வயதில் அவளுடைய விரல் இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று நீங்கள் தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லை.

பழைய வண்ணப்படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப்போவதால் படம் முழுவதும் சிவப்பேறியிருக்கும். தாயின் உடை என்ன நிறம் என்ற கேள்வியும் அங்கே எழும். அது நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கதையில் ஒரு கேள்விக்குத்தான் இடமிருக்கிறது, அந்த இடத்தை நான் வேறொரு கேள்விக்கு ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாம் படி: படத்தில் இல்லாததை வரைய வேண்டிய கட்டாயத்தை உருவாக்குங்கள்

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புகைப்படம் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். மேலிருந்து பார்க்கும் விளையாட்டில் நடமாடும் நாயகிக்கோ முன்புறம், பின்புறம், இரு பக்கவாட்டுகள் என்று நான்கு தோற்றங்கள் வேண்டும். வேலையைக் குறைப்பதற்காக ஒரு பக்கவாட்டை வரைந்து, அதையே கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி மறுபக்கத்துக்கு வைப்பது வழக்கம். அவளும் அப்படியே செய்கிறாள். உடனே தாயின் இடக்கைக் கடிகாரம் வலக்கைக்குத் தாவிவிடுகிறது. கடிகாரம் என்பது ஒரே ஒரு வெளிர்நிறக் கட்டம்தான் என்றாலும், அவள் மறுபக்கத்தைத் தனியாக வரைகிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதை இந்தச் செயலே சொல்லிவிடும்.

பிறகு பின்புறம். புகைப்படத்தில் தாயின் இடக்கை மிதிவண்டியின் கைப்பிடி மீது இருக்கிறது, வலக்கை முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. முன்புறத்தை மட்டும் வரையும்வரை அது வெட்கத்தில் நின்ற நிலை என்றே அவள் எண்ணியிருந்தாள். பின்புறத்தை வரையும்போது அந்தக் கை வெளிப்பட்டே ஆக வேண்டும்: அது வெறுங்கையா, எதையாவது பிடித்திருக்கிறதா?

படம் கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்பதையும் இதற்கு முன்பே, போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். பாதங்கள் தெரியாததால், விளையாட்டு நாயகர்களுக்குப் பொதுவாக இருக்கும் கறுப்புக் காலணியையே அவள் தாய்க்கும் போட்டிருக்கிறாள். ஒரு காலுக்கு மூன்று கட்டங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு தொலைபேசி உரையாடல்

இங்கேதான் என் முதல் வரைவு கெட்டது. தாய் தன் இளமைக்காலம் முழுவதையும் பேசித் தீர்த்தார், மகள் அழுதாள், வரைபடத்தை இருவரும் மறந்துவிட்டார்கள். இரண்டாம் வரைவில், மகள் கேட்பது வரைவதற்குத் தேவையான தகவலை மட்டுமே என்று வரையறுத்துக்கொண்டேன்.

> “அம்மா, அந்தப் போட்டோல வலது கையைப் பின்னாடி வெச்சிருக்கீங்களே, கையில என்ன?”
>
> எதிர்முனையில் சற்று நேரம் பாத்திரம் நகரும் ஓசை மட்டும் கேட்டது.
>
> “செருப்புடி. வர்ற வழியில ஒண்ணு அறுந்துபோச்சு. ஒத்தைச் செருப்போட நிக்கக் கூடாதுன்னு ரெண்டையும் கழட்டிப் பின்னாடி மறைச்சுக்கிட்டேன்.”
>
> “கால் படத்துல வரவே இல்லையேம்மா.”
>
> “அது எனக்கு அப்பத் தெரியாதுல்ல?”

பாத்திர ஓசை தவிர வேறு வருணனை எதையும் சேர்க்கவில்லை. தாய் வறுமையைப் பற்றிப் பேசவில்லை, மகளும் ஆறுதல் சொல்லவில்லை. உங்கள் வரைவில் இந்த இடத்தில் யாராவது நீண்ட வாக்கியம் பேசினால், அது கதாபாத்திரத்தின் குரல்தானா, உங்கள் குரலா என்று சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: முடிவைக் கட்டங்களிலேயே எழுதுங்கள்

தகவல் கிடைத்த பிறகு அவள் செய்யக்கூடியது வரைதல் மட்டுமே. நாயகியின் கையில் செருப்பை வரைந்து முடிக்கலாம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் தாய் ஒளித்து வைத்ததை மகள் வெளியே காட்டுவது சரியாகப் படவில்லை. பின்புறத்தில் அந்தக் கையை அவள் மூடிய கையாகவே விட்டுவிடட்டும். மாற்ற வேண்டியது காலணியைத்தான். கதையின் கடைசிப் பத்தி இப்படி அமைந்தது:

> அவள் முன்புறப் படத்தைத் திறந்தாள். அடியில் ஆறு கறுப்புக் கட்டங்கள் இருந்தன. தாயின் முகத்துக்கு வைத்திருந்த பழுப்பு நிறத்தைத் தொட்டு, அவற்றை ஒவ்வொன்றாக நிரப்பினாள். மற்ற மூன்று தோற்றங்களிலும் அப்படியே செய்தாள். பிறகு நடக்கும் பொத்தானை அழுத்தினாள். பத்தொன்பது வயதுப் பெண் வெறுங்காலோடு திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நடந்தாள்.