கீழிருந்து வெட்டினாலும் குறையாத செய்தி எழுதுவது எப்படி?

நாளிதழ் டெஸ்க்கில் இரவு பத்தரை மணிக்குத் திடீரென ஒரு விளம்பரம் வந்துவிடும். பக்கத்தில் எட்டு வரி இடம் போய்விடும். உங்கள் செய்தியை முழுதாகப் படித்துச் சுருக்க அப்போது யாருக்கும் நேரமிருக்காது, கடைசிப் பத்தியைத்தான் எடுப்பார்கள். அச்சுக் கோத்த காலத்திலும் இதுதான் வழக்கம், இன்று திரையில் வெட்டும்போதும் இதுதான். முக்கியமானதை முதலில் வைத்து, அந்த வெட்டைத் தாங்கும்படி எழுதும் முறையைத் 'தலைகீழ் பிரமிடு' என்கிறோம்.

ஒரு பயிற்சிச் செய்தியை வைத்தே செய்து பார்ப்போம். ஊரும் ஆட்களும் கற்பனை.

படி 1: குறிப்புகளை நேர வரிசையிலிருந்து பிரியுங்கள்

நிருபரின் நோட்டில் இப்படி இருக்கிறது: புதன் நள்ளிரவு கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். ஜேசிபி பட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தது. தெருவில் வெள்ளம், இரண்டு கடைகளில் சரக்கு நனைந்தது. காலையில் பொறியாளர் வந்தார். மூன்று வார்டுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் வராது. லாரியில் தருவார்கள். போன ஆண்டும் இதே இடத்தில் உடைந்தது.

நடந்த வரிசை இது. படிப்பவருக்கு வேண்டிய வரிசை வேறு. ஒவ்வொரு குறிப்பையும் தனித் துண்டுத்தாளில் எழுதி, "இந்த ஒன்றை மட்டும்தான் சொல்ல முடியும் என்றால்?" என்று கேளுங்கள். ஜெயிக்கும் தாள் மேலே போகட்டும். மிச்சத் தாள்களிடமும் அதே கேள்வி.

படி 2: முதல் பத்தி

> பேருந்து நிலையம் அருகே குழாய் உடைந்ததால் 4, 5, 6-வது வார்டுகளுக்கு வியாழன், வெள்ளி இரு நாட்களும் குடிநீர் வராது என்று நகராட்சிப் பொறியாளர் அறிவித்தார்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் ஒரு கண்ணி இருக்கிறது. "தோண்டியபோது, இயந்திரம் பட்டு, உடைந்ததையடுத்து, ஆய்வு செய்த நிலையில்..." என்று அடுக்கினால் 'வராது' என்ற சொல்லுக்கு வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். முதல் வாக்கியத்தில் ஒரே ஒரு காரணம் போதும். சொன்னவர் யார் என்பதையும் அங்கேயே வையுங்கள். கடைசிப் பத்தியில் வைத்தால் அது வெட்டுப்படும், பொறியாளரின் கூற்று பத்திரிகையின் கூற்றாகிவிடும்.

படி 3: அடுத்த பத்திகள்

> இந்த வார்டுகளுக்குக் காலை 6 மணி முதல் லாரிகளில் தண்ணீர் வழங்கப்படும்.

> ஒப்பந்ததாரரின் ஜேசிபி இயந்திரம் பட்டதே உடைப்புக்குக் காரணம் என்றார் பொறியாளர். தன்னிடம் தந்த வரைபடத்தில் அந்தக் குழாயே இல்லை என்கிறார் ஒப்பந்ததாரர்.

> இரவில் தெருவில் வெள்ளம் ஓடி, இரண்டு கடைகளில் சரக்கு நனைந்தது.

> கடந்த ஆண்டும் இதே இடத்தில் குழாய் உடைந்தது.

ஒப்பந்ததாரர் பத்தியைக் கவனியுங்கள். குற்றச்சாட்டும் மறுப்பும் ஒரே பத்தியில் இருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செய்தியில் ஒருவரின் மறுப்பைக் கடைசிப் பத்தியாக வைத்தேன். அது வெட்டுப்பட்டது. மறுநாள் காலை அந்த மனிதர் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றார். "நான் சொன்னது எங்கே?" என்று கேட்டார். வெட்டியவர் மேல் தப்பே இல்லை. வெட்டக்கூடாததை வெட்டும் இடத்தில் வைத்தவன் நான். குற்றம் சொல்வதும் மறுப்பதும் சேர்ந்தே இருக்கட்டும், போனால் இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

படி 4: ஒட்டுகளைச் சரிபாருங்கள்

தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கீழ்ப்பத்தி மேலே உள்ளதைச் சார்ந்து நிற்கலாம். "இந்த வார்டுகளுக்கு" என்று தொடங்குவதில் பிழையில்லை, ஏனென்றால் மேல்பத்தி போவதில்லை. ஆனால் மேல்பத்தி கீழே வருவதை எதிர்பார்த்து நிற்கக் கூடாது. "இதற்கு மூன்று காரணங்கள்" என்று மேலே எழுதி, மூன்றாவதைக் கீழே வைத்தால், வெட்டிய பிறகு இரண்டுதான் இருக்கும். ஒருவர் பேச்சை மேற்கோள் குறியோடு ஒரு பத்தியில் திறந்து அடுத்ததில் மூடுவதும் அப்படித்தான். ஒவ்வொரு பத்தியும் தன் முற்றுப்புள்ளியோடு முடிந்துவிட வேண்டும்.

வாழ்க்கைச் சித்திரம், பயணக் கட்டுரை போன்றவற்றுக்கு இந்த முறை ஒத்துவராது. அவற்றின் உயிர் பெரும்பாலும் முடிவில் இருக்கும்.

படி 5: நீங்களே முதலில் வெட்டுங்கள்

ஒரு வெள்ளைத்தாளால் கடைசிப் பத்தியை மூடிப் படியுங்கள். பிறகு அடுத்ததையும் மூடுங்கள். நம் செய்தியில் போன ஆண்டு உடைப்பு போனாலும் செய்தி முழுதாக இருக்கிறது. வெள்ளம் போனாலும் நிற்கிறது. ஒப்பந்ததாரர் பத்தி போனால், யாரையும் குறை சொல்லாத அறிவிப்பாக மாறுகிறது. லாரிப் பத்தியையும் மூடினால் ஒரே வாக்கியம் மிஞ்சும். 5-வது வார்டில் இருப்பவர் அதைப் படித்துப் புதன் இரவே குடத்தை நிரப்பிவைக்க முடியாது என்பதைக் கவனித்தீர்களா? செய்தி வியாழன் இரவு அச்சாகி, வெள்ளி காலைதான் அவர் கைக்கு வரும். ஆகவே முதல் பத்தியில் "இன்றும் குடிநீர் வராது" என்று மாற்றி, லாரி வரும் நேரத்தையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.