நடப்பு விகிதம் 2.71 என்று எழுதிக் கொடுத்தேன்: பேலன்ஸ் ஷீட்டின் தலைப்புகளை நம்பும் தவறு

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்கு வங்கிக் கடன் அறிக்கை தயாரிப்பதுதான் என் வேலை. இந்த ஏப்ரலில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், ஒருவர் ஓசூரிலிருந்தும் மற்றவர் வேலூரிலிருந்தும் வந்தவர்கள், ஆளுக்கொரு பேலன்ஸ் ஷீட்டை எடுத்து விகிதங்களைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இருவருமே செய்திருந்தது 2019-இல் நான் செய்த அதே தவறு. பார்த்தவுடன் எனக்கு எரிச்சல் வந்தது. அந்தத் தவறு ஒரு மனிதரை எவ்வளவு அலைக்கழித்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

சரக்கிருப்பைக் கழிக்க மறப்பது, மேலே போட வேண்டியதைக் கீழே போடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். சூத்திரங்கள் பள்ளிப் பாடத்தில் படித்தவைதான்:

```
நடப்பு விகிதம் = நடப்புச் சொத்துகள் / நடப்புப் பொறுப்புகள்
விரைவு விகிதம் = (நடப்புச் சொத்துகள் - சரக்கிருப்பு - முன்கூட்டிச் செலுத்தியவை) / நடப்புப் பொறுப்புகள்
```

இந்த வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. வகுப்பதற்கு எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதில்தான் தவறு நுழைகிறது.

"நடப்புப் பொறுப்புகள்" என்ற தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்வது

தருமபுரியிலிருந்து வந்து பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் அப்போது எங்கள் வாடிக்கையாளர். தனி உரிமையாளர் நிறுவனம். 2019 மார்ச் 31-ஆம் தேதிய இருப்புநிலைக் குறிப்பை அவருடைய கணக்காளர் மென்பொருளிலிருந்து அச்செடுத்து அனுப்பியிருந்தார். எண்களை முழு லட்சமாக்கிச் சொல்கிறேன்.

பொறுப்புப் பக்கத்தில் முதல் 48. வங்கிக் கடன் 62. மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று 10. `Current Liabilities` என்ற தலைப்பின் கீழ் 35: அதில் இரும்பு விற்பவர்களுக்குத் தரவேண்டியது 28, கொடுபடாத கூலியும் செலவுகளும் 4, வரிகள் 3. ஆக மொத்தம் 155.

சொத்துப் பக்கத்தில் இயந்திரங்கள் 60. `Current Assets` என்ற தலைப்பின் கீழ் 95: சரக்கிருப்பு 38, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 42, ரொக்கமும் வங்கி இருப்பும் 3, முன்கூட்டிக் கட்டிய வரிகள் 5, ஷெட் முன்பணமும் மின் இணைப்பு வைப்புத்தொகையும் 7.

நான் 95-ஐ 35-ஆல் வகுத்தேன். நடப்பு விகிதம் 2.71. சரக்கிருப்பை மட்டும் கழித்து 57-ஐ 35-ஆல் வகுத்தேன். விரைவு விகிதம் 1.63. பாடப்புத்தகம் சொல்லும் 2-க்கும் 1-க்கும் மேலே இருந்ததால் "குறுகிய காலக் கடன் தீர்க்கும் திறன் நன்று" என்று எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் அதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் இன்னொரு இயந்திரம் எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். எடுக்கலாம் ஐயா என்றேன்.

நான் பார்க்காமல் விட்டது அந்த 62. வங்கிக் கடன் என்ற ஒரே வரிக்குள் இரண்டு வேறு கடன்கள் இருந்தன. 35 லட்சம், சரக்கின் பேரிலும் வரவேண்டிய தொகையின் பேரிலும் வங்கி தந்திருந்த கேஷ் கிரெடிட், அதாவது சி.சி. கடன். மீதி 27 லட்சம் இயந்திரக் கடன். நம்மில் பலர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் சி.சி. கணக்குகளும் ஓ.டி. எனப்படும் ஓவர்டிராஃப்ட் கணக்குகளும் `Bank OD A/c` என்ற குழுவில் விழும். அந்தக் குழு `Loans (Liability)` என்பதன் கீழ் இருக்கிறதே தவிர, `Current Liabilities` என்பதன் கீழ் இல்லை. மென்பொருள் வகை பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்தக் கடனை எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதை அந்தத் தலைப்பு சொல்வதில்லை.

சி.சி. என்பது வங்கி கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய கடன். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் அது நிரந்தரப் பணம் போலத் தோன்றும். விரைவு விகிதத்துக்கு மட்டும் ஓ.டி.யைப் பொறுப்பிலிருந்து கழித்துவிடலாம் என்று சொல்லித்தரும் பழைய பாடமுறையும் இந்தத் தோற்றத்தில் பிறந்ததுதான். புதுப்பிப்பது வங்கியின் விருப்பம் என்பதால் நான் அதைக் கழிப்பதில்லை. பட்டறை நெருக்கடியில் இருக்கும்போதுதான் அந்த விருப்பம் மாறும், நாம் விகிதம் பார்ப்பதும் அந்த நெருக்கடியை முன்கூட்டி அறியத்தான்.

இயந்திரக் கடன் 27 லட்சத்தில் அடுத்த 12 மாதங்களில் கட்டவேண்டிய அசல் தவணை 9 லட்சம். அதுவும் நடப்புப் பொறுப்பே. இதைப் பேலன்ஸ் ஷீட்டில் தேடினால் கிடைக்காது. கடன் அனுமதிக் கடிதத்தோடு வரும் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் அசல், வட்டி இரண்டையும் பிரித்துப் பார்த்து அசலை மட்டும் எடுங்கள். இன்னும் சேராத வட்டி, பேலன்ஸ் ஷீட் தேதியில் பொறுப்பு ஆகாது.

கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, கேட்டவுடன் தரவேண்டிய கடன்கள் குறுகிய காலக் கடன்களில்தான் வரும். 2021 ஏப்ரல் 1 முதல் நீண்ட காலக் கடனின் அடுத்த ஆண்டுத் தவணையும் அதே தலைப்பில் தனியாகக் காட்டப்படுகிறது. தனி உரிமையாளர், கூட்டாண்மை நிறுவனங்களின் கணக்குகளை அந்த அட்டவணை கட்டுப்படுத்தாது. பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த இரு வகைதான் என்பதால் பிரித்தெடுக்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

இப்போது பொறுப்பைத் திரும்பக் கூட்டுங்கள். 35, சி.சி. 35, தவணை 9, மொத்தம் 79. சொத்தில் ஷெட் முன்பணமும் மின் வைப்புத்தொகையும் பட்டறையைக் காலி செய்தால்தான் திரும்பி வரும், ஆகவே 95-இல் 7 போய் 88. விகிதம் 1.11. கைமாற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. மைத்துனர் எப்போது திருப்பிக் கேட்பார் என்பதை உரிமையாளரிடம் நேராகக் கேட்க வேண்டும். மைத்துனர் மகளின் திருமணம் அடுத்த தை மாதம் என்றால் அந்த 10 லட்சமும் நடப்புப் பொறுப்புதான்.

வரவேண்டிய பணம் எல்லாம் வரும் என்று எண்ணுவது

விரைவு விகிதத்தில் சரக்கை நீக்கிவிட்டு மீதியை ரொக்கம் போலப் பார்க்கிறோம். இந்தப் பட்டறைக்கு வரவேண்டிய 42 லட்சத்தில் 11 லட்சம் 90 நாளைக் கடந்தது. அதில் பெரும்பகுதி, அளவு சரியில்லை என்று சொல்லி ஒரே வாடிக்கையாளர் ஓராண்டுக்கும் மேலாக நிறுத்திவைத்திருந்த தொகை. பேலன்ஸ் ஷீட்டில் 42 என்று ஒற்றை எண்ணாக நின்றதால் எனக்கு அது தெரியவில்லை. பில் வாரியான நிலுவைப் பட்டியலை நான் கேட்கவே இல்லை.

அந்த 11-ஐ நீக்கினால் நடப்புச் சொத்து 77, நடப்பு விகிதம் 0.97. அதிலிருந்து சரக்கு 38, வரிகள் 5 இரண்டையும் கழித்தால் 34. அதை 79-ஆல் வகுத்தால் விரைவு விகிதம் 0.43. நான் எழுதிக் கொடுத்தது 1.63.

பழைய நிலுவையை முழுவதும் நீக்குவது கடுமையாக இல்லையா என்று ஓசூர்ப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. 100 நாளில் வழக்கமாகப் பணம் தரும் பெரிய கம்பெனியின் பில்லை நானும் நீக்கமாட்டேன். அந்த வாடிக்கையாளர் கடந்த ஆண்டு எத்தனை நாளில் பணம் தந்தார் என்பதைப் பேரேட்டில் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். இங்கே அந்த ஒருவர் ஓராண்டாக ஒரு ரூபாய்கூடத் தந்திருக்கவில்லை.

2-க்கு 1 என்பதை எல்லோருக்கும் பொருத்துவது

பொருந்தாது.

கடன் கொடுக்கும் வங்கிகளே நீண்ட காலமாகப் பார்த்து வந்தது 1.33. 1970-களில் டாண்டன் குழு வகுத்த இரண்டாம் முறையிலிருந்து வருவது அது: நடப்புச் சொத்தில் 25 விழுக்காட்டை உரிமையாளர் தன் நீண்ட காலப் பணத்திலிருந்து போட வேண்டும். மீதி 75 வரை நடப்புப் பொறுப்பாக இருக்கலாம். 100-ஐ 75-ஆல் வகுத்தால் 1.33.

மார்ச் 31-ஐ மட்டும் பார்ப்பது

ஒரு கடையில் நடப்புச் சொத்து 100, பொறுப்பு 80 என்றால் விகிதம் 1.25. ஆண்டின் கடைசி நாளில் வங்கி இருப்பிலிருந்து 40-ஐ எடுத்துக் கடனை அடைத்தால் 60-க்கு 40, அதாவது 1.5. வியாபாரத்தில் எதுவும் மாறவில்லை, விகிதம் மட்டும் ஏறிவிட்டது. ஏப்ரல், மே மாத வங்கிப் பட்டியலையும் கேளுங்கள்.

பட்டறையில் நடந்தது

சி.சி. வரம்பு 40 லட்சமாக இருந்தாலும், எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாதாமாதம் கொடுக்கும் சரக்குப் பட்டியலை வைத்துத்தான் வங்கி முடிவு செய்தது. சரக்கு 38-இல் கடனுக்கு வாங்கிய 28 போக 10. அதில் கால் பங்கை வங்கி மார்ஜினாகக் கழித்துக்கொள்ள 7.5. வரவேண்டிய 42-இலும் கால் பங்கு போக 31.5. ஆக 39 வரை எடுக்கலாம். அவர் எடுத்திருந்தது 35. மீதி 4 லட்சத்தை ஏப்ரலில் எடுத்துப் புதிய இயந்திரத்துக்கு முன்பணமாகக் கட்டினார்.

மே மாதம் வங்கியின் ஆய்வாளர் பட்டறைக்கு வந்து பில்களைப் புரட்டினார். 90 நாள் தாண்டிய 11 லட்சத்தைக் கணக்கிலிருந்து நீக்கினார். மிஞ்சிய 31-இல் கால் பங்கு போக 23.25, சரக்கின் 7.5, இரண்டும் சேர்ந்து 30.75. எடுத்திருந்ததோ 39. வரம்பு மீறல் 8.25 லட்சம் என்றானது, அந்த வாரமே இரும்புக் கடைக்குக் கொடுத்த காசோலை திரும்பியது. அதற்குப் பிறகு அந்தக் கடை ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்றது.

அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்து வரம்பு மீறலைச் சரிசெய்தார். இயந்திர முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. என்னிடம் அவர் கோபப்படவில்லை, "நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தானே தம்பி கட்டினேன்" என்று மட்டும் சொன்னார். இப்போது புதியவர்களிடம் நான் முதலில் மூன்று காகிதங்களைக் கேட்கச் சொல்கிறேன்: சி.சி. கணக்கின் வங்கிப் பட்டியல், தவணை அட்டவணை, பில் வாரியான நிலுவைப் பட்டியல். இவை கைக்கு வரும்வரை கணிப்பொறியைத் திறக்க விடுவதில்லை.