ரிவ்யூ மீட்டிங் அஜெண்டா: கெடு வைத்து வாங்கும் முறை

எங்கள் சாயப்பட்டறையில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ரிவ்யூ மீட்டிங். "பேச ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்" என்று மெயில் போட்டால் யாரும் அனுப்பமாட்டார்கள். எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில்தான் பெரிய பிரச்சினை கிளம்பும்.

மெயிலை இப்படி மாற்றினேன்: "செவ்வாய் மாலை 4 மணிக்குள் அனுப்பவும். என்ன முடிவு வேண்டும், யார் இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் என்று எழுதவும்."

முடிவைக் கேட்டதுதான் வேலை செய்தது. வெறுமனே "ஷேடு பிரச்சினை" என்று அனுப்பிய சூப்பர்வைசர், "நேவி புளூவுக்கு வேறு சப்ளையர் சாயத்தை ட்ரையல் பார்க்கலாமா?" என்று திருத்தி அனுப்பினார். பர்ச்சேஸ்காரர் விலையோடு வந்தார், லேப் இன்சார்ஜ் பழைய பேட்ச் கார்டுகளோடு வந்தார். உட்கார்ந்த இடத்திலேயே முடிவானது.

செவ்வாய் ஏனென்றால், புதன் காலை அஜெண்டா போனால்தான் ரெக்கார்டு எடுக்க அவகாசம் இருக்கும். திங்களன்று, அனுப்பாதவர்களுக்கு மட்டும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துவேன். குரூப்பில் போட்டால் யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

கெடு தாண்டி வந்தது அடுத்த மாதத்துக்குப் போகும். விபத்து, மெஷின் நிற்பது, கழிவுநீர் இவற்றுக்கு மட்டும் விலக்கு. முதலாளி சொல்லும் விஷயத்துக்கும் இதே விதி என்று அவரிடமே முதலில் சம்மதம் வாங்கிவிட்டேன். அது இல்லாமல் எந்தக் கெடுவும் நிற்காது.