ஒரே ஒரு ஓடு உடைந்தால்: கூரையில் நடக்கும் தவறுகள்

கோடை மழை சூறைக்காற்றோடு அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், கன்னங்குறிச்சியிலிருந்து ஏற்காடு வரை ஏதாவது ஓர் ஓட்டு வீட்டின் மேல் யாராவது ஏறி நிற்பதைப் பார்க்கலாம். முந்தைய இரவு சமையலறை ஒழுகியிருக்கும். உடைந்தது ஒரே ஓர் ஓடாக இருக்கும். அதை மாற்ற ஏறியவர் இறங்குவதற்குள் அவர் காலடியில் மேலும் சில ஓடுகள் விரிசல் விட்டிருக்கும். ஏறியவரே தவறி விழுவதும் உண்டு. மங்களூர் ஓடு வேய்ந்து, அடியில் மச்சு இல்லாத வீடாக இருந்தால் இந்த வேலைக்குக் கூரைமேல் ஏற வேண்டியதே இல்லை. வீட்டுக்குள் ஏணியில் நின்றபடியே ஒற்றை ஓட்டை மாற்றிவிடலாம்.

ஏன் முடியும் என்றால், அந்த ஓடுகள் ஆணி அடித்தோ சாந்து பூசியோ நிறுத்தப்பட்டவை அல்ல. ஒவ்வோர் ஓட்டின் அடியிலும் ஒரு மூக்கு உண்டு. அது கூரையின் குறுக்கே அடித்த மெல்லிய மரச்சட்டமான ரீப்பரில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. பக்கவாட்டில் ஒரு விளிம்பு பக்கத்து ஓட்டின் மேல் ஏறியிருக்கும். மறு விளிம்பு அடுத்த ஓட்டின் அடியில் நுழைந்திருக்கும். மேல் வரிசை ஓடுகளின் கீழ்நுனி இதன் தலையை மூடியிருக்கும். முகடும் சில வீடுகளின் ஓரமும்தான் சாந்து பூசியவை.

மழை விட்டவுடனே ஏறுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏற்காட்டில் மூடுபனியின் ஈரத்தில் ஓட்டின்மேல் பாசி படர்ந்திருக்கும். நனைந்த பாசியில் வெறுங்காலும் நிற்காது, செருப்பும் நிற்காது. அதைவிட ஆபத்தானது மின்கம்பி. மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி காற்றில் தளர்ந்து கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். வெளியே சற்றுத் தள்ளி நின்று முதலில் அதைப் பாருங்கள். கம்பி தாழ்ந்திருந்தால் ஏணியைத் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து சரிசெய்யும்வரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தால் போதும்.

அடுத்த தவறு, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைசலைத் தேடுவது. விரிசல் வழியே உள்ளே வரும் நீர் உடனே கீழே விழாது. ஓட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்து வழிந்து, ரீப்பரில் ஏறி, ரீப்பரைத் தாங்கும் சாய்மரமான கைமரத்தின் ஓரமாக இறங்கி, மரத்தில் ஒரு முடிச்சோ இணைப்போ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கி மேலே தேட வேண்டும்.

காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சில்வர் ஓக் கிளை ஒன்று கூரையில் விழுந்து உருண்டு போயிருக்கிறது. தண்ணீர் சுவரோரமாகச் சொட்டுகிறது. அதன் நேர் மேலே உள்ள ஓடு முழுதாக இருக்கிறது. பகலில் அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றால், மூன்று வரிசை மேலே ஒரு வெளிச்சக் கீற்று தெரிகிறது. ஒரு வரிசைக்கு ஏறக்குறைய ஓர் அடி. ஆக உடைசல் மூன்றடி மேலே இருந்திருக்கிறது. சில விரிசல்கள் மயிரிழைபோல மெல்லியவை, வெளிச்சம் காட்டாது. அப்போது ஓடுகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மற்றவை காய்ந்து வெளிறியிருக்க, ஒன்று மட்டும் கருத்து ஈரமாக இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தமிடும்.

கண்டுபிடித்த பிறகு பலர் செய்வது, விரிசல்மேல் சிமென்ட் பூசுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வெயிலிலும் மழையிலும் ஓடும் சிமென்டும் ஒரே மாதிரி அசைவதில்லை. சில மாதங்களில் பூச்சின் ஓரம் விட்டுவிடும். ஓட்டின் வாய்க்காலில் பூசிய சிமென்ட் மேடு ஓடிவரும் நீரைத் தடுத்து, பக்கத்து இணைப்புக்குள் திருப்பிவிடும். இதைவிட மோசம், பூச்சு பக்கத்து ஓட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது. பிறகு ஒன்றை எடுக்கப் போனால் இரண்டு மூன்று சேர்ந்து உடையும். அடுத்த மழைக்குள் ஓடு கிடைக்காது என்றால், தகரத் துண்டு ஒன்றை மேல் வரிசை ஓட்டின் அடியில் செருகி, உடைந்த ஓட்டின்மேல் படியவிட்டு வைக்கலாம். அது பிறகு எளிதாக உருவ வரும்.

மாற்று ஓடு வாங்குவதிலும் ஏமாறக்கூடாது. எல்லா மங்களூர் ஓடும் ஒன்றுபோலத் தோன்றினாலும், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அச்சு வேறு. அரை விரல்கடை நீளம் கூடினாலும் இணைப்பு உட்காராது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே ஓட்டில் தயாரிப்பாளர் பெயரை அச்சிடும் வழக்கம் இருக்கிறது. உடைந்த துண்டில் அந்தப் பெயரைத் தேடி, துண்டையே கையில் எடுத்துக்கொண்டு, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். வாங்கும்முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து இணைப்பைப் பொருத்திப் பாருங்கள். ஆடாமல் படிந்தால் மட்டுமே வாங்குங்கள்.

இப்போது மாற்றும் வேலை. ஏணி அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வெளியே, கூரையோரத்தின் கீழ் யாரும் நிற்கக்கூடாது. உடைந்த பாதி வழுக்கி வெளியே விழலாம், ஓர் ஓடு இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஓட்டுக்கிடையில் தேளும் குளவிக்கூடும் இருக்கும் என்பதால் கையுறை போட்டு, கண்ணில் தூசி விழாமல் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். உடைந்த ஓட்டின் தலையை மூடியிருக்கும் மேல் வரிசை ஓடுகளை உள்ளிருந்தே முகட்டுப் பக்கமாகத் தள்ளி, இரண்டு விரல்கடை உயர்த்தி, மரத்துண்டை அடியில் செருகுங்கள். உடைந்த ஓட்டின்மேல் ஏறியிருக்கும் பக்கத்து ஓட்டையும் அப்படியே உயர்த்துங்கள். பிறகு உடைந்ததைத் தூக்கி, மூக்கு ரீப்பரை விட்டு விலகியதும் குறுக்காகத் திருப்பினால் ரீப்பர்களுக்கு இடையில் கீழே இறங்கும். புதியதை அதே வழியில் ஏற்றி, மூக்கை மாட்டி, பக்க இணைப்பைப் பொருத்திய பிறகே மரத்துண்டுகளை உருவி மேல் ஓடுகளை இறக்குங்கள். கீழ்நோக்கி லேசாக இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் மூக்கு மாட்டவில்லை.

உடையாமல் சரிந்த ஓட்டை மேலே தள்ளிவிட்டு அத்துடன் விடுவதும் தவறுதான். மூக்கு ஒடிந்ததா, ரீப்பர் செல்லரித்ததா என்று பாருங்கள். மூக்கு ஒடிந்த ஓடு அடுத்த காற்றில் மறுபடி சரியும். அதை மாற்றியே ஆக வேண்டும். ரீப்பரில் ஆணி நுனியைக் குத்தினால் மாவாக உதிர்ந்தால், கோளாறு மரத்தில் இருக்கிறது. அங்கே தச்சர் வர வேண்டும். வரிசை முழுவதும் தொய்ந்திருந்தாலோ, முகட்டு ஓடு பெயர்ந்திருந்தாலோ, கீழே மச்சு இருந்து கை எட்டாவிட்டாலோ, இது உள்ளிருந்து முடியும் வேலை அல்ல. ஓடு வேய்பவரை அழையுங்கள். அவர் கூரைமேல் பலகை ஏணி போட்டு அதில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சோதிக்க, வெளியே ஏணியில் நின்று நீர்க்குழாயைக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையாக மேலே நகர்த்துங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா வரிசையும் ஒன்றாக நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போய்விடும். வீட்டுக்குள் ஒருவர் நின்று, புதிய ஓட்டின் பக்க இணைப்பையும் அதன் கீழுள்ள ரீப்பரையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.